மணிக்கட்டு இல்லாத கண்

கோவையில் ஒரு சிறு பட்டறை. பீஸ் பார்க்கும் மேசையில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு டிரே நிறைய எஃகு வளையங்கள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு: 12 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம், நடுவே 6 மி.மீ. துளை. பட்டறைக்காரர்கள் ஸ்பேசர் என்பார்கள். இரு முகங்களையும் கண்ணாடிபோலத் தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள்.

அக்கா ஒரு வளையத்தை இரு விரல்களால் எடுத்து, தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தார். மணிக்கட்டை லேசாக இப்படியும் அப்படியும் சாய்த்தார். இரண்டு மூன்று விநாடிதான். வளையம் ரிஜெக்ட் டப்பாவில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

“நேரா வச்சுப் பாத்தா எல்லாமே பளபளன்னுதான் இருக்குந் தம்பி. லைட்டு அதுமேல ஓடறப்பப் பாருங்க. எங்க தடுக்குதோ அங்கதான் கோளாறு” என்றார்.

மெஷின் விஷன் எனப்படும் கேமரா வழிச் சோதனையை அந்தப் பட்டறையில் அமைத்துக் கொடுக்கத்தான் நான் போயிருந்தேன். அதற்கு முன்பே அவர்கள் சொந்தமாக முயன்றிருந்தார்கள். நல்ல கேமரா, லென்ஸைச் சுற்றி ஒரு ரிங் லைட், கணினியில் மென்பொருள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒரே பீஸைப் பத்து முறை ஓட்டினால் ஆறு முறை நல்லது என்றும் நான்கு முறை கெட்டது என்றும் சொன்னது. மென்பொருளை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. கோளாறு அதற்கு முன்னாலேயே இருந்தது. அக்காவின் மணிக்கட்டு செய்த வேலையை அந்த எந்திரத்தில் எதுவும் செய்யவில்லை.

வளையம் காட்டுவது தன் முகத்தை அல்ல

வெள்ளைத் தாளின் மேல் விளக்கடித்தால் ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். எங்கிருந்து பார்த்தாலும் தாள் தெரியும். மெருகேறிய உலோகம் அப்படிச் சிதறடிக்காது. வந்த கோணத்திலேயே மறுபக்கம் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே அந்த ஸ்பேசரைப் பார்க்கும் கேமரா உண்மையில் பார்ப்பது, அதில் பிரதிபலிக்கும் பொருளைத்தான்.

அவர்கள் எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் இது விளங்கியது. வளையத்துக்குள் இன்னொரு வெள்ளை வளையம் இருந்தது. அது ரிங் லைட்டின் பிம்பம். அந்த வெள்ளைக்குள் விழுந்த கீறல் வெளிச்சத்தில் கரைந்துபோனது. அதற்கு வெளியே முகம் கறுப்பாக இருந்தது, ஏனென்றால் அங்கே பிரதிபலித்தது இருண்ட கூரை. பீஸ் அரை மில்லிமீட்டர் நகர்ந்து நின்றாலும் கீறல் வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போய்விடும், விடையும் மாறிவிடும்.

எனவே முதல் கேள்வி எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதல்ல. இந்த முகத்தில் எது பிரதிபலிக்க வேண்டும் என்பதுதான். கண்ணாடி போன்ற தட்டையான முகத்துக்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை: முகம் முழுவதும் ஒரே சீரான வெள்ளைப் பரப்பு பிரதிபலிக்கட்டும். இதற்கான விளக்குக்குக் கோஆக்சியல் லைட் என்று பெயர். கேமராவுக்கும் பீஸுக்கும் நடுவே, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்று 45 டிகிரி சாய்வில் இருக்கும். பக்கத்திலுள்ள எல்இடி பலகையின் ஒளி அதில் பட்டுச் செங்குத்தாகக் கீழே இறங்கி, வளையத்தில் பட்டு, அதே வழியில் மேலேறிக் கேமராவுக்குப் போகும். தட்டையான இடமெல்லாம் வெளுப்பாகத் தெரியும். கீறலின் சரிவில் பட்ட ஒளி வேறு பக்கம் போய்விடுவதால் கீறல் கறுத்த கோடாகத் தெரியும்.

இரண்டாவது விடை இதற்கு நேர் எதிர். விளக்கைப் பீஸின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் சுற்றிலுமிருந்து அடிப்பது. தட்டையான முகத்தில் பட்ட ஒளி அதே தாழ்ந்த கோணத்தில் எதிர்ப்பக்கம் போய்விடும், மேலிருக்கும் கேமராவுக்கு எட்டாது. முகம் இருட்டாக இருக்கும். கீறலின் விளிம்பு மட்டும் ஒளியை மேலே எறிவதால் மின்னும். நிலா இல்லாத வானத்தில் எரிகல் விழுவதுபோல ஒரு கோடு தெரியும்.

பார்த்தவுடன் மனத்தைக் கவர்வது இந்த இரண்டாவது படம்தான். நானும் முதலில் அதைத்தான் வைத்தேன். மெருகேற்றிய ஸ்பேசரில் அருமையாக வேலை செய்தது. மறுநாள் அதே பட்டறையின் மலிவு ரகம் வந்தது. அதன் முகம் லேத்தில் கடைந்ததோடு சரி, மெருகு கிடையாது. அதை வைத்ததும் முகம் முழுவதும் மின்னியது, கீறல் எங்கே என்றே தெரியவில்லை.

காரணம் வீட்டிலேயே இருக்கிறது. எவர்சில்வர் தட்டின் அடிப்பாகத்தைப் பல்பு வெளிச்சத்தில் பாருங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் விசிறிபோல விரிந்த ஓர் ஒளிப்பட்டை தெரியும். தட்டைச் சுழற்றினாலும் அந்தப் பட்டை இடம் மாறாது. வட்டவட்டமாக ஓடும் நுண்ணிய வரிகளில், விளக்கை நோக்கிய பகுதிகள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புவதால் அப்படி. லேத்தில் கடைந்த முகத்திலும் அதே வட்ட வரிகள்தான். சுற்றிலுமிருந்து தாழ்வாக ஒளி வந்தால் எல்லா வரியும் ஏதாவது ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும், எல்லாமே மின்னும். கோளாறும் கடைசல் வரியும் ஒன்றுபோலத் தெரிந்தால் மென்பொருள் என்ன செய்யும்?

கடைந்த முகத்துக்கு டோம் லைட் ஏற்றது. கவிழ்த்த கிண்ணம்போல வெள்ளைக் கூடாரம், உச்சியில் கேமராவுக்கு ஒரு துளை. எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வருவதால் வரிகள் அடங்கிவிடும். நகைக்கடை விளம்பரத்துக்குத் தங்க வளையலை வெள்ளைத் துணிக் கூடாரத்துக்குள் வைத்துப் படமெடுப்பதும் இதே உத்திதான். ஆனால் டோம் வரிகளை மட்டும் மறைப்பதில்லை. மெல்லிய ஒடுக்கையும் மறைத்துவிடும். ஒளி எங்கிருந்தும் வருகிறதென்றால், சாய்ந்த இடமும் ஏதோ ஒரு வெள்ளையைத்தானே பிரதிபலிக்கும்?

ஆக, மெருகேறிய ரகத்துக்குக் கோஆக்சியல், கடைந்த ரகத்துக்கு டோம் என்று பிரித்தோம். இனி மெருகேறிய ரகத்தையே பின்தொடர்வோம்.

ஒடுக்கு ஏன் தப்பியது

கோஆக்சியல் விளக்கில் கீறல் எல்லாம் அகப்பட்டது. ஒடுக்கு மட்டும் தப்பியது. பீஸ்கள் ஒன்றோடொன்று மோதும்போது விழும் ஆழமில்லாத குழி அது. அக்கா அதைக் கண்ணை மூடாத குறையாகக் கண்டுபிடித்தார்.

கணக்கு எளிது. கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு டிகிரி விலகும். ஒடுக்கின் சரிவு 2 டிகிரி என்று வையுங்கள். ஒளி 4 டிகிரி விலகும். எங்கள் விளக்குப் பலகை, நடுக்கண்ணாடி வழியாக அளந்தால் பீஸிலிருந்து 100 மி.மீ. தூரத்தில் இருந்தது. அந்தத் தூரத்தில் 4 டிகிரி என்பது 7 மி.மீ. நகர்வு. பலகையின் அகலமோ 50 மி.மீ., அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் 25. ஏழு மி.மீ. நகர்ந்த பார்வையும் பலகைக்குள்ளேயேதான் விழுகிறது. வெள்ளையைப் பார்க்க வேண்டியது இன்னொரு வெள்ளையைப் பார்க்கிறது, ஒடுக்கு தெரியவில்லை. நடுப்பகுதியில் ஏறத்தாழ 7 டிகிரிக்குமேல் சாய்ந்தால்தான் இந்த விளக்கு ‘கறுப்பு’ என்று சொல்லும். கீறலின் சுவர் செங்குத்தானது, அதனால் சிக்கியது. ஒடுக்கு அப்படியில்லை.

அப்படியானால் பலகையைச் சிறிதாக்கினால் என்ன? கறுப்புத் தாளில் 8 மி.மீ. துளையிட்டுப் பலகையின்மேல் ஒட்டிப் பார்த்தோம். வளையத்தின் வெளிவிளிம்பு முழுவதும் இருண்டுபோனது. சாதாரண லென்ஸின் பார்வை ஒரு புள்ளியிலிருந்து விரிந்து போவது. வளையத்தின் ஓரத்தை அது சாய்வாகப் பார்க்கிறது. அந்தச் சாய்ந்த பார்வை ஓரத்தில் பட்டு மேலும் விரிந்து பலகைக்குப் போகும்போது 24 மி.மீ. அகலமாகிவிடும். அதைவிடச் சின்னப் பலகை ஓரத்துக்கு ஒளி தராது.

விளக்கில் தொடங்கிய சிக்கல் இங்கே லென்ஸில் வந்து முட்டியது.

நேராகவே பார்க்கும் லென்ஸ்

டெலிசென்ட்ரிக் லென்ஸ் என்று ஒரு வகை உண்டு. அதன் பார்வைக் கோடுகள் விரிவதில்லை, ஒன்றுக்கொன்று இணையாகப் போகும். அதனால் வளையத்தின் நடுவையும் ஓரத்தையும் ஒரே கோணத்தில், செங்குத்தாகப் பார்க்கும். இதோடு இணைக்கதிர்களாக வரும் கோஆக்சியல் விளக்கையும் சேர்த்தால், ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்த இடமெல்லாம் கறுத்துவிடும். ஒடுக்குகள் நிழல்போலத் தெரிய ஆரம்பித்தன.

இதற்கு விலை உண்டு. இணைக்கோடுகளை வாங்க வேண்டுமானால் லென்ஸின் முன்கண்ணாடி பார்க்கும் பரப்பைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். எனவே கனம் கூடும், பணமும் கூடும். உள்ளங்கை அளவுப் பொருளுக்கு இது கட்டுப்படியாகாது. பொத்தான் அளவுக்குச் சரி.

இன்னொரு ஆதாயமும் கிடைத்தது. இந்த வளையத்தின் வெளிவிட்டத்தையும் அளக்க வேண்டும். டாலரன்ஸ் கூட்டியும் குறைத்தும் 0.02 மி.மீ. சாதாரண லென்ஸ் 100 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, வளையத்துக்கு அடியில் ஒரு பிசிறு சிக்கி அது 0.2 மி.மீ. எழும்பி நிற்கிறது என்று கொள்ளுங்கள். தூரம் 0.2 விழுக்காடு குறைந்ததால் படம் 0.2 விழுக்காடு பெரிதாகும். 12 மி.மீ. வளையத்தில் அது 0.024 மி.மீ. நல்ல பீஸ் அளவு தவறியதாகத் தள்ளப்படும். டெலிசென்ட்ரிக் லென்ஸில் பொருள் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அளவு மாறாது.

விட்டத்தை அளக்கும் இடத்தில் விளக்கு கீழிருந்து வரும். பீஸின் நிழலுருவத்தை மட்டும் எடுப்போம். அங்கேயும் இணைக்கதிர் விளக்குதான் வேண்டும். பரந்த பலகை ஒளி பளபளப்பான விளிம்பில் வழுக்கி உள்ளே வந்து, வளையத்தை உள்ளதைவிட ஒல்லியாகக் காட்டும்.

எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதைப் பிக்சல் கணக்கு சொல்லிவிடும். எங்கள் கேமராவில் 2448 × 2048 பிக்சல்கள், ஒவ்வொன்றும் 3.45 மைக்ரான். உணர்பரப்பின் குட்டையான பக்கம் 7 மி.மீ. வளையம் 12 மி.மீ. அது சற்று விலகி நிற்க இடம்விட்டு 14 மி.மீ. பரப்பு தேவை. ஆக, பாதி அளவாகச் சுருக்கும் லென்ஸ் போதும். அப்போது ஒரு பிக்சல் பீஸில் 6.9 மைக்ரானைப் பார்க்கும். நாங்கள் தேடிய மிக மெல்லிய கீறல் 20 மைக்ரான் அகலம், அதாவது மூன்று பிக்சல். ஒரு பிக்சலில் தெரிவதைத் தூசியா கீறலா என்று பிரிக்க முடியாது. மூன்று இருந்தால் நம்பலாம்.

அடுத்தது லென்ஸின் கண்மணி, அதாவது உள்ளே ஒளி புகும் திறப்பு. எஃப் 8 என்று வைத்தால், இந்தப் பெரிதாக்கத்தில் சுமார் 0.33 மி.மீ. உயரத்துக்குள் இருப்பதெல்லாம் தெளிவாக விழும். அதைவிடக் குறுக்கி எஃப் 16 வைத்தால் தெளிவான உயரம் இரட்டிப்பாகும் என்று ஆசை வரும். ஆனால் திறப்பு குறுகக் குறுக, ஒளி அலையின் இயல்பாலேயே ஒவ்வொரு புள்ளியும் பரவி மங்கும். எஃப் 16 இல் அந்தப் பரவல் நான்கு பிக்சலைத் தொடும், மூன்று பிக்சல் கீறல் கரையும். குவியத்தை எவ்வளவு திருகினாலும் படம் மொத்தமாகவே மென்மையாக இருந்தால், பெரும்பாலும் காரணம் இந்த அளவுமீறிய குறுக்கல்தான்.

நாற்பது மைக்ரோவிநாடி

மேசையில் நிறுத்திவைத்து எடுத்த படம் அழகாக வந்தது. எக்ஸ்போஷர் 2 மில்லிவிநாடி. முகத்தின் சாம்பல் அளவு, 0 முதல் 255 வரையான அளவுகோலில், 190. பிறகு கண்ணாடித் தட்டைச் சுழலவிட்டோம். பீஸ்கள் விநாடிக்கு 200 மி.மீ. வேகத்தில் கேமராவுக்குக் கீழே ஓடின. 2 மில்லிவிநாடிக்குள் பீஸ் 0.4 மி.மீ. நகர்ந்துவிடும். அது ஏறத்தாழ 58 பிக்சல். கீறல் இழுபட்டு மறைந்தது.

நகர்வு அரைப் பிக்சல் அளவில் அடங்க வேண்டுமென்றால் எக்ஸ்போஷர் 20 மைக்ரோவிநாடி. அதாவது நூறில் ஒரு பங்கு நேரம், எனவே நூறு மடங்கு வெளிச்சம் வேண்டும். அதோடு, கோஆக்சியலின் நடுக்கண்ணாடி போகும்போது பாதியையும் திரும்பும்போது பாதியையும் விழுங்குவதால், நாம் கொடுக்கும் ஒளியில் கால் பங்குக்குமேல் கேமராவுக்கு வராது.

நூறு மடங்கை ஒரே இடத்தில் தேடினால் கிடைக்காது. கடன் அடைப்பதுபோலப் பிரித்துப் பிரித்து அடைத்தோம். முதலில் தட்டின் வேகத்தைப் பாதியாக்கினோம். எக்ஸ்போஷர் 40 மைக்ரோவிநாடி ஆனது, தேவை ஐம்பது மடங்காகக் குறைந்தது. பீஸ்களுக்கு இடையே 40 மி.மீ. என்ற இடைவெளியில், அந்த வேகத்திலும் மணிக்கு 9,000 பீஸ் ஓடும். முதலாளி தலையாட்டினார். அடுத்து ஸ்ட்ரோப். எல்இடியைத் தொடர்ந்து எரிய விடாமல், படமெடுக்கும் 40 மைக்ரோவிநாடி மட்டும் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் கொடுத்து மின்னவைப்பது. தொடர்ந்து கொடுத்தால் கருகிவிடும், நொடிப்பொழுது என்றால் தாங்கும். எவ்வளவு என்பதை விளக்கின் தரவுத்தாள் சொல்லும். அதைத் தாண்டக் கூடாது. இதில் பத்து மடங்கு கிடைத்தது. மீதி ஐந்து. கண்மணியை எஃப் 8 இலிருந்து 5.6 க்குத் திறந்ததில் இரண்டு மடங்கு. அதனால் தெளிவான உயரம் 0.23 மி.மீ. ஆகச் சுருங்கியது. எங்கள் தட்டின் ஆட்டம் 0.1 மி.மீ. தான், அதனால் தாங்கியது. கடைசி இரண்டரை மடங்குக்குக் கேமராவின் கெயினைக் கூட்டினோம். கெயின் ஒளியைக் கூட்டுவதில்லை, வந்த சமிக்ஞையை அதன் இரைச்சலோடு சேர்த்துப் பெருக்கும். அதனால்தான் அதைக் கடைசிக்கு வைத்தோம்.

தானியங்கி எக்ஸ்போஷரை முதல் வேலையாக அணைத்துவிட வேண்டும். அது ஒவ்வொரு பீஸுக்கும் அளவுகோலை மாற்றிக்கொண்டே இருக்கும். அதேபோல முகத்தின் வெளுப்பு 255 ஐத் தொடவிடக் கூடாது. தொட்டுவிட்டால் அதற்குமேல் உள்ள வேறுபாடெல்லாம் அழிந்துவிடும், மெல்லிய ஒடுக்கின் நிழலும் அதோடு போகும். நிழலுருவ அளவையில் இது இன்னும் நயவஞ்சகமானது. பின்னொளி மிகுந்தால் வெளுப்பு விளிம்பைத் தின்று விட்டத்தைக் குறைத்துக் காட்டும், படமோ பார்க்கப் பளிச்சென்று அழகாகவே இருக்கும்.

சரிதானா என்று எப்படித் தெரியும்

அக்காவிடமே பத்து நல்ல பீஸும் பத்துக் கெட்ட பீஸும் பொறுக்கித் தரச் சொன்னேன். ஒவ்வொன்றையும் எட்டுத் திசையில் திருப்பித் திருப்பி ஓட்டினோம். மென்பொருளின் தீர்ப்பை நான் பார்க்கவே இல்லை, சாம்பல் எண்களை மட்டும் பார்த்தேன். நல்ல முகங்கள் 170 முதல் 200 வரை இருந்தன. கோளாறுகள் 110 க்குக் கீழே. நடுவே 60 எண்கள் காலியாகக் கிடந்தன. அந்த இடைவெளி இருந்தால் கோட்டை எங்கே போட்டாலும் வேலை நடக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், விளக்குக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

ஒரு பீஸ் மட்டும் எட்டில் மூன்று முறை கெட்டது என்று வந்தது. அக்கா நல்லது என்று கொடுத்த பீஸ். திரையில் ஓரத்தில் கறுப்புத் திட்டு. அவரிடம் காட்டினேன். வளையத்தை வாங்கி, முந்தானையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, “எண்ணெய்ங்க தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஓட்டினோம், எட்டு முறையும் நல்லது.

கூலண்ட் எண்ணெயும் ஒடுக்கும் ஒளியை ஒரே மாதிரிதான் திருப்பும். எந்த விளக்காலும் அதைப் பிரிக்க எனக்கு முடியவில்லை. கேமராவுக்கு முன்னால் பீஸ்களைக் கழுவி உலர்த்த ஒரு தொட்டி வைத்தார்கள். அந்த இருபது பீஸும் இப்போது எந்திரத்தின் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது முதலில் ஓடுவது அவைதான். அக்காவும் அங்கேதான் இருக்கிறார். எந்திரம் தள்ளிய பீஸ்களை எடுத்து, டியூப்லைட்டுக்குக் கீழே ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்.